கையெழுத்து வாங்கும் முன் கட்டில் பக்கம் போங்கள்

கேள்வி: அடுத்த மாதம் இளநிலை மருத்துவர் வேலைக்கு நேர்காணல். பயிற்சி ஆண்டை முடித்துவிட்டேன். அறநெறிச் சிக்கல் பற்றிக் கேட்டால் நான்கு கோட்பாடுகளையும் சொல்கிறேன், ஆனால் மாதிரி நேர்காணலில் "பாடம் ஒப்பிக்கிறீர்கள்" என்றார்கள். "உங்கள் கிளினிக்கல் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இரண்டுக்கும் எப்படித் தயாராவது?

பதில்:

சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட நேர்காணல்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டு வருகிறேன். எங்கள் மனதில் ஓடுவது பெரும்பாலும் ஒன்றுதான்: இவரை இன்று இரவு வார்டில் விட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கலாமா? நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் அதைத் தெரிந்துகொள்ளத்தான். முதலாவதில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறோம், இரண்டாவதில் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்கிறோம்.

தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கும் எங்களுக்கும் தெரியும். அவை ஒன்றோடொன்று மோதுவதால்தான் அது சிக்கல் ஆகிறது. பெயர்களை வரிசையாகச் சொன்னால் மோதல் எங்கே என்று காட்டியதாக ஆகும், அதைத் தீர்த்ததாக ஆகாது. எல்லா வகைச் சிக்கல்களையும் தொட்டுவிட்டுப் போவதைவிட, அடிக்கடி கேட்கப்படும் ஒன்றை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

இரவு 11 மணி. 54 வயது ஆண். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஈசிஜி இயல்பு. இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ரத்தச் சோதனையான ட்ரோபோனினும் முதல் முறை இயல்பு. மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு "வலி போய்விட்டது, வீட்டுக்குப் போகிறேன்" என்கிறார். நர்ஸ் உங்களுக்குப் போன் செய்கிறார். என்ன செய்வீர்கள்?

வரும் பதில்களில் பெரும்பாலானவை இரண்டு வகை. "நோயாளிக்குத் தன்னுரிமை இருக்கிறது, எனவே அறிவுரைக்கு எதிராகப் போவதாகப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவேன்" என்பது ஒன்று. "எப்படியாவது சமாதானப்படுத்தி இருக்க வைப்பேன், கேட்காவிட்டால் குடும்பத்தாரைக் கூப்பிடுவேன்" என்பது மற்றொன்று. இரண்டும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டிலும் அந்த மனிதரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அதனால் உங்கள் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "போனிலேயே முடிவு சொல்ல மாட்டேன், அவரைக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லி உடனே நேரில் போய்ப் பார்ப்பேன்." போனதும் முதல் வேலை மருத்துவ வேலை. வலி உண்மையிலேயே போய்விட்டதா? வியர்வை இருக்கிறதா? நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை. வலி திரும்பியிருந்தால் அங்கேயே இன்னொரு ஈசிஜி. இதை அறநெறிப் பகுதிக்கு முந்தைய சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்தவரும் சர்க்கரை இறங்கியவரும் படபடத்துக்கொண்டு "என்னை விடுங்கள்" என்பார்கள். அங்கே தேவை சிகிச்சை. அதை விட்டுவிட்டுத் தன்னுரிமை பற்றி விவாதிப்பவரைப் பார்த்தால் எங்களுக்குப் பயமாக இருக்கும்.

அடுத்து, ஏன் போக வேண்டும் என்று கேட்பது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் விண்ணப்பதாரர்கள் மிகவும் குறைவு. வீட்டில் சின்னப் பிள்ளை தனியாக இருக்கலாம். காலையில் வேலைக்குப் போகாவிட்டால் வேலையே போகலாம். சிகரெட் இல்லாமல் கை நடுங்கிக்கொண்டிருக்கலாம். செலவை நினைத்துப் பயந்திருக்கலாம். வந்ததிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற கோபமாக இருக்கலாம். இவற்றில் பாதியை ஒரு போன் காலோ, நிக்கோடின் பேட்சோ, ஒரு மன்னிப்போ தீர்த்துவிடும். சிக்கலே இல்லாமல் போய்விடும். காரணத்தைக் கேட்காமல் நேராகக் கையெழுத்துக்குப் போகிறவர், அவிழ்க்க முடிந்த முடிச்சைக் கத்தரித்துவிடுகிறார்.

காரணம் தெரிந்த பிறகும் போகத்தான் போகிறார் என்றால், அந்த முடிவை எடுக்கும் திறன் அவருக்கு இப்போது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு விஷயங்கள்: சொன்னது அவருக்குப் புரிகிறதா, முடிவெடுக்கும் வரை நினைவில் நிற்கிறதா, இரண்டு பக்கத்தையும் எடைபோட முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. இந்த நான்கையும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அதுவும் ஒப்பித்தல்தான். எப்படிச் சோதிப்பீர்கள் என்று சொல்லுங்கள். எனக்குப் பிடித்த வழி, விளக்கிச் சொல்லிவிட்டு, "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன், உங்களுக்குப் புரிந்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்பது. அவர் "முதல் டெஸ்ட் சரியாக இருந்தாலும் அட்டாக் இல்லை என்று சொல்ல முடியாது, போகிற வழியில் நெஞ்சு நின்றுபோகலாம், தெரியும், ஆனாலும் போகிறேன்" என்று சொன்னால் அவருக்குத் திறன் இருக்கிறது. முடிவு முட்டாள்தனமாகத் தோன்றுவதால் மட்டும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஒரு வரியைத் தெளிவாகச் சொல்பவருக்கு நான் மதிப்பெண்ணைத் தயங்காமல் போடுவேன்.

அவருக்கு விளக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "ரிஸ்க் இருக்கிறது" என்பது விளக்கம் அல்ல. இதயத் தசை அடிபட்டாலும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறித் தெரியச் சில மணி நேரம் ஆகும். வலி வந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம் இயல்பாக இருப்பது அவ்வளவு ஆறுதல் இல்லை. இதை மருத்துவம் படிக்காதவருக்குப் புரியும்படி நேர்காணலிலேயே பேசிக் காட்டுங்கள்: "சீக்கிரமே ரத்தம் எடுத்துவிட்டோம். இப்போது இருக்கிற அளவை நம்பி உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு முறை பார்த்துவிட்டால் இருவருக்கும் தெளிவாகிவிடும்." நோயாளியிடம் பேசப்போகும் அதே குரலில் எங்களிடம் பேசுபவர்களை உடனே அடையாளம் தெரியும்.

சீனியரை எப்போது கூப்பிடுவது? அவர் கிளம்பிப் போன பிறகு தகவல் சொல்வது இல்லை. ஐந்து நிமிடம் பேசிப் பார்த்தும் மனம் மாறவில்லை என்றால் அப்போதே. "உங்களைத் தொந்தரவு செய்கிறேன்" என்று தொடங்காமல், யார், என்ன பிரச்சினை, இதுவரை என்ன செய்தேன், உங்களிடம் என்ன வேண்டும் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். நேர்காணலில் "சீனியரிடம் தெரிவிப்பேன்" என்று மட்டும் சொன்னால் பொறுப்பைக் கைமாற்றுவது போலக் கேட்கும். என்ன கேட்பீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னால் அப்படிக் கேட்காது.

கடைசியில் போகிறார் என்றே வையுங்கள். இங்கேதான் நல்ல விண்ணப்பதாரர்கள்கூடத் தடுக்கி விழுகிறார்கள். அறிவுரைக்கு எதிராகப் போகிறவருக்கு இனி நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. அவர் இன்னும் உங்கள் நோயாளிதான். தேவையான மருந்தைக் கொடுங்கள். எந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று கேளுங்கள். நாளைக் காலையில் பார்க்க வழி செய்யுங்கள். "எப்போது மனம் மாறினாலும் வாருங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். கோபத்தோடு அனுப்பப்பட்டவர் இரண்டாம் முறை வலி வரும்போது வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அப்புறம் குறிப்பு எழுதுவது. படிவத்தில் வாங்கும் கையெழுத்து மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அவருக்கு என்ன சொன்னீர்கள், அவர் அதைத் திருப்பி எப்படிச் சொன்னார், ஏன் போகிறார், எந்த மாற்று வழியைக் கொடுத்தீர்கள், எந்த சீனியரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதியிருப்பதுதான் காப்பாற்றும். படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் அதையும் எழுத வேண்டும். கையெழுத்துப் போடாததற்காக ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது.

இவ்வளவையும் இரண்டரை மூன்று நிமிடத்தில் சொல்லிவிடலாம், வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால். நிறுத்தியதும் நாங்கள் ஒரு திருப்பம் போடுவோம். அதற்குத் தயாராக இருங்கள்.

"அவர் குடித்திருக்கிறார்" என்போம். குடித்திருப்பதே திறன் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. அதே நான்கு விஷயங்களை மறுபடி பார்க்க வேண்டும். போதையில் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால், திறன் தற்காலிகமாக இல்லை. அப்போது அவருடைய நலனுக்காக, முடிந்தவரை குறைந்த கட்டுப்பாட்டோடு அவரை இருக்க வைத்து, போதை தெளிந்ததும் மறுபடி கேட்க வேண்டும். எந்த அளவுக்குத் தடுக்கலாம், யார் அனுமதிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தின் சட்டத்தையும் மருத்துவக் கவுன்சிலின் விதிகளையும் படித்துவிட்டுப் போங்கள். எப்படியானாலும் இந்த முடிவை இளநிலை மருத்துவர் தனியாக எடுப்பதில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

"அவர் மனைவி போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்கிறார்" என்போம். நோயாளியின் அனுமதி இல்லாமல் நோய் விவரம் சொல்லக் கூடாது. ஆனால் போனை வைத்துவிடவும் வேண்டியதில்லை. மனைவி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில் ரகசியம் எதுவும் உடையாது. "அவரிடம் கேட்டுவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்கிறேன்" என்பது நேர்மையான, மரியாதையான பதில்.

"சீனியர் தூக்கக் கலக்கத்தில் 'கையெழுத்து வாங்கிட்டு விடு' என்கிறார்" என்போம். இதுதான் உண்மையில் கடினமான திருப்பம். சீனியரைக் குறை சொல்லி வீரம் காட்டவும் வேண்டாம், பணிந்து போகவும் வேண்டாம். "சரி சார், ஆனால் வலி வந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்த முதல் டெஸ்ட்தான் கையில் இருக்கிறது. நீங்கள் ஒரு நிமிடம் அவரிடம் பேசினால் இருப்பார் என்று நினைக்கிறேன்" என்று தகவலை மறுபடி வைப்பேன் என்று சொல்லுங்கள். அதற்கும் பலன் இல்லாமல், நோயாளிக்கு உண்மையான ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அடுத்த நிலையில் இருப்பவரை அழைப்பது உங்கள் கடமை. பணியில் இருக்கும் சக மருத்துவரிடம் மதுவாடை அடிக்கிறது என்ற கேள்விக்கும் வரிசை இதேதான். முதலில் அவர் நோயாளிகளைத் தொடாமல் பார்த்துக்கொள்வது, உடனே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்வது, அவர் பார்த்த நோயாளிகளை வேறொருவர் மறுபடி பார்ப்பது. அவருடைய குடும்பச் சூழல் பற்றிய அனுதாபம் எல்லாம் அதற்குப் பிறகு. பலர் அனுதாபத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இனி அனுபவக் கேள்வி. "மருத்துவத்தில் மூன்று மாதம், அறுவை சிகிச்சையில் மூன்று மாதம், மகப்பேறில் இரண்டு மாதம்..." என்று தொடங்கினால் எங்கள் கண்கள் தானாகவே உங்கள் விண்ணப்பத்துக்குப் போய்விடும். அது அங்கேயே அச்சில் இருக்கிறது. எங்கே இருந்தீர்கள் என்பதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். என்னென்ன கையால் செய்ய வரும் என்பதை அடுத்த இரண்டில் சொல்லுங்கள். மீதி நேரம் முழுவதும் ஒரே ஒரு நோயாளி.

கையால் செய்ததைச் சொல்லும்போது நான்கு படிகளைப் பிரித்துச் சொல்வது அழகு: பார்த்தேன், உதவினேன், மேற்பார்வையில் செய்தேன், தனியாகச் செய்கிறேன். லாக்புக்கைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். "நிறைய செய்திருக்கிறேன்" என்பதைவிட "சிறுநீர்க் குழாய் தனியாகப் போடுவேன், வயிற்று நீர் எடுத்தது நான்கு முறை, நான்கும் மேற்பார்வையில்" என்பது பத்து மடங்கு நம்பும்படி இருக்கும். ஒரு முறை ஒருவர் மூச்சுக்குழாயில் டியூப் போடுவது தனக்குக் கைவந்த கலை என்றார். எந்த மருந்து கொடுத்து, எந்த அளவு டியூப், சரியான இடத்தில் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு "மார்பில் ஸ்டெத் வைத்து" என்பதற்கு மேல் நகரவில்லை, மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைப் பார்ப்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் உண்மையில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதைச் சொல்லியிருந்தால் ஒரு மதிப்பெண்கூடக் குறைந்திருக்காது.

நோயாளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அபூர்வ நோய் வேண்டாம். அதில் நீங்கள் பார்வையாளர்தான், அதுவும் சீக்கிரம் தெரிந்துவிடும். நீங்கள் ஏதாவது ஒரு முடிவெடுத்த, சாதாரணமான, கொஞ்சம் சறுக்கிய கேஸ் ஒன்றை எடுங்கள். எனக்கு நினைவில் நிற்கும் ஒரு பதிலை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். நீங்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும். பெயரும் வார்டும் சொல்லிக் கதை தொடங்கினால், ரகசியம் காப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் அங்கேயே கெட்டுவிடும்.

அந்தப் பெண் விண்ணப்பதாரர் சொன்னது இது. அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், இதயச் செயலிழப்புக்காக ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் எடுப்பவர். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி. பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய அந்த மாத்திரைகளை நிறுத்தவில்லை. மாலையில் பொட்டாசியம் 6.9 என்று, ஆபத்தான உயரத்தில், லேபிலிருந்து போன் வந்தது. "ரத்தம் சிதைந்து தப்பாக வந்த அளவாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மறு டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் ஈசிஜி எடுத்தேன். டி அலைகள் கூர்மையாக உயர்ந்திருந்தன. மானிட்டர் மாட்டி, கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு சீனியரை அழைத்தேன். அவர் வந்ததும் அதைக் கொடுத்தோம். பிறகு 10 யூனிட் இன்சுலினும் குளுக்கோஸும். அந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை நன்றாக இருந்தது. இனிப் பிரச்சினை இல்லை என்று அடுத்த நோயாளியிடம் போய்விட்டேன். மூன்றாவது மணி நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டார். வியர்த்துக் கொட்டியிருந்தது, சர்க்கரை 48."

அறையில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கேள்விகள் கொட்டின, எல்லாமே அவருக்குத் தெரிந்த இடத்தில். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்குமா? குறைக்காது, இதயத்தைக் காத்து நேரம் வாங்கித் தரும், அதுவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான். இன்சுலின் என்ன செய்கிறது? பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுகிறது, உடம்பை விட்டு வெளியேற்றுவதில்லை. அதனால் சில மணி நேரத்தில் அது மறுபடி ஏறலாம், திரும்பப் பார்க்க வேண்டும். சர்க்கரை ஏன் மூன்றாம் மணி நேரத்தில் விழுந்தது? சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது, கொடுத்த குளுக்கோஸ் அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. இப்போது என்ன செய்கிறீர்கள்? "இன்சுலின் எழுதும்போதே ஆறு மணி நேரத்துக்கு மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அதே தாளில் எழுதிவிடுகிறேன். ஷிப்ட் மாறும்போது வாயாலும் சொல்கிறேன்." நோயாளியிடம் சொன்னீர்களா? "சொன்னேன். அன்று இரவே மகளையும் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னேன். சீனியர் கூட இருந்தார்."

அந்தக் கடைசிக் கேள்வியோடு அனுபவக் கேள்வி அறநெறிக் கேள்வியாக மாறிவிட்டதைக் கவனியுங்கள். தன் சறுக்கலைச் சொல்ல விண்ணப்பதாரர்கள் பயப்படுகிறார்கள், நியாயம்தான். அதனால் "நான் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பதுதான் என் குறை" என்கிற பதிலை ஒரே நாளில் ஆறு பேரிடம் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் தவறு நடந்தது, யாருக்கு என்ன ஆனது, யாரிடம் எப்போது சொன்னீர்கள், அதன் பிறகு எந்தப் பழக்கம் மாறியது என்ற நான்கும் இருந்தால் அந்தத் தவறு உங்களுக்கு எதிராக நிற்காது. அதில் நர்ஸையோ லேபையோ காரணம் காட்டும் ஒரு வாக்கியம் இருந்தாலும் நிற்கும்.

தயாரிக்க ஒரு மாதம் இருக்கிறது. லாக்புக்கிலிருந்து இப்படி மூன்று நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் சீக்கிரம் கண்டுபிடித்த ஒன்று, சறுக்கிய ஒன்று, நோயாளியோ குடும்பமோ உங்களோடு ஒத்துப்போகாத ஒன்று. ஒவ்வொன்றிலும் "நாங்கள்" என்று வருகிற இடத்தையெல்லாம் கோடிட்டு, அதில் "நான்" செய்தது எது என்று பிரியுங்கள். சீனியர் எடுத்த முடிவை அவருக்கே கொடுத்துவிடுங்கள். பிறகு வேறொரு துறையில் இருக்கும் நண்பரிடம் சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது "ஏன்" வரை பதில் சொல்ல முடியாத வாக்கியத்தை நேர்காணலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

செய்யாத ஒன்றைப் பற்றிக் கேட்டால், உதாரணமாகக் கழுத்து ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் போடுவது, இப்படிச் சொல்லலாம்: "போட்டதில்லை. இரண்டு முறை உதவியிருக்கிறேன், அல்ட்ராசவுண்ட் பிடித்தேன். எதற்குப் போடுகிறோம், போட்ட பிறகு என்னென்ன பார்க்க வேண்டும் என்று தெரியும். இந்த வேலையில் கற்றுக்கொள்ள விரும்பும் முதல் விஷயம் அது." இதைக் கேட்டு யாரும் உங்களைக் கழித்ததில்லை. அடுத்த கேள்வி, போட்ட பிறகு எக்ஸ்ரேயில் எதைத் தேடுவீர்கள் என்பதாக இருக்கும். அதற்கான பதிலை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.